“நேத்து வரைக்கும் இப்படி இல்லை”: மருத்துவமனையில் முதியவருக்கு வரும் திடீர்க் குழப்பம்

யாங்கோனில் ஒரு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டு. புதன்கிழமை மாலை வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்து வந்த 79 வயதுப் பாட்டிக்கு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை முடிந்தது. சனிக்கிழமை பகலில் பேத்தியோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். அன்றிரவு பதினொரு மணிக்கு மேல், கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்தார். கூரையெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றார். பக்கத்தில் இருந்த மகனை அடையாளம் தெரியாமல், கப்பல் எப்போது புறப்படும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைகள் அரசுடைமையாகி, நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னைக்குக் கப்பலேறிய 1964-ஆம் ஆண்டில் அவருக்குப் பதினெட்டு வயது. அந்த இரவு முழுவதும் அவர் அந்தத் துறைமுகத்தில்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கலவரம் எல்லாம் அடங்கிவிட்டது. பாட்டி கண்ணை மூடிக் கிடந்தார்; கூப்பிட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சியை வாயில் வைத்தால் விழுங்காமல் அப்படியே வைத்திருந்தார். ராத்திரி முழுதும் தூங்காத அசதி என்று குடும்பம் நினைத்தது. நர்ஸும் நிம்மதியானார். அறுவை முடிந்த உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்று மகன் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார்.

இந்தப் பாட்டி ஒருவர் அல்லர். நம் குடும்பங்களில் நான் பல ஆண்டுகளாகக் கேட்டும் பார்த்தும் வந்த பலரைச் சேர்த்து, விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட ஓர் உருவம். ஆனால் மேலே சொன்ன வரிசை, அதாவது விழுதல், அறுவை, ஓரிரு நாளில் இரவுக் கலவரம், பிறகு ஏமாற்றும் அமைதி என்பது, உலகெங்கும் எலும்பு முறிவு வார்டுகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். எலும்பு முறிவுக்கு மட்டும் உரியதன்று; நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மாரடைப்பு என்று எதற்காகப் படுத்த முதியவருக்கும் இது வரலாம்.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. கடுங்காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால் “ஜன்னி கண்டுவிட்டது” என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு சரியான கருத்து இருந்தது: இது புத்தியின் நோயன்று, உடம்பில் எங்கோ மூண்டிருக்கும் நோய் மூளை வரை எட்டியிருக்கிறது என்பதே அது. இளைஞருக்கு அந்த நிலை வரக் கடுங்காய்ச்சல் வேண்டும். முதியவருக்கோ காய்ச்சலே இல்லாமல், நிரம்பிய மூத்திரப் பையும் ஒரு தூக்க மாத்திரையும் போதும். ஆனால் முதியவர் பிதற்றும்போது ஜன்னி என்ற சொல் நம் வாயில் வருவதில்லை. “வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது” என்ற வாக்கியம்தான் வருகிறது. தவறு அங்கே தொடங்குகிறது.

மறதி நோயும் ஜன்னியும்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருவது. அது எந்தத் தேதியில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் கடைக்காரர் பெயர் மறக்கும், பிறகு சமைத்த குழம்புக்கு உப்புப் போட்டோமா என்பது மறக்கும், பிறகு வழி மறக்கும். ஆனால் அந்த நோயின் தொடக்கத்திலும் நடுவிலும் அவர் விழிப்பாகத்தான் இருப்பார். நீங்கள் பேசினால் உங்கள் முகத்தைப் பார்ப்பார். கேள்விக்குத் தவறான விடை சொன்னாலும் கேள்வியைப் பின்தொடர்வார்.

டெலிரியம் மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வருவது. அது வந்த பொழுதைக் குடும்பத்தார் ஏறத்தாழ மணி சொல்லிக் குறிப்பிட முடியும். ஒரே நாளுக்குள் ஏறி இறங்கும்: காலை பத்து மணிக்குத் தெளிவாகப் பேசியவர் மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் வேறு ஆளாக இருப்பார். எல்லாவற்றையும்விட, இதில் முதலில் உடைவது நினைவு அன்று, கவனம். அவரால் ஒரு பேச்சின் இழையைப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. நீங்கள் கேட்கும்போதே பார்வை நழுவும். பாதிச் சொல்லில் உறங்கிப்போவார். அல்லது பக்கத்துக் கட்டிலின் சத்தத்துக்கெல்லாம் திரும்புவார். புதிதாக எதுவும் நினைவில் நிற்காதது அதன் விளைவு. கவனத்துக்குள் நுழையாத ஒன்று நினைவுக்கு எப்படிப் போகும்?

இரண்டும் ஒன்றாகவும் வரும் என்பதுதான் சிக்கல். ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கே டெலிரியம் மிக எளிதாக வருகிறது. அப்படிப்பட்டவர் வார்டில் குழம்பினால், “அவங்களுக்கு முன்னாடியே மறதி இருக்கு” என்ற ஒரு குறிப்போடு விஷயம் முடிந்துவிடும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மறதி இருந்ததா என்பதன்று. இந்த வாரம் இருப்பது போன வாரம் இருந்ததைவிட வேறாக இருக்கிறதா என்பதே. ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும்: லூயி பாடி டிமென்ஷியா என்ற ஒரு வகை மறதி நோயில், நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் இயல்பாகவே உண்டு. அதை டெலிரியத்திலிருந்து பிரிப்பது அனுபவமுள்ள மருத்துவருக்கே கடினம்.

அமைதியான வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசியைப் பிடுங்குபவரை யாரும் கவனிக்காமல் விட முடியாது. கண்ணை மூடிக் கிடப்பவரையோ எல்லோரும் பாராட்டுவார்கள். முதியவர்களிடம் இந்த ஓசையற்ற வகையே அதிகம் காணப்படுகிறது, அதுவே அதிகம் தவறவிடப்படுகிறது. அப்படிக் கிடப்பவர் தண்ணீர் கேட்கமாட்டார், புரளமாட்டார், வலி என்று சொல்லமாட்டார். அதனால் நீர் வற்றும், முதுகில் படுக்கைப்புண் வரும், அரைத் தூக்கத்தில் ஊட்டிய கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரும். நம் பாட்டியின் விஷயத்தில் சனி இரவைவிட ஞாயிறு பகல்தான் எனக்கு அதிகம் அச்சமூட்டுகிறது.

உறவினர் சொல்லுக்கு நான்கு மதிப்பெண்

டெலிரியத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. கட்டில் அருகே நின்று கேட்டும் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இன்று பரவலாகப் பயன்படும் கருவிகளுள் ஒன்று, எடின்பரோவில் அலஸ்டர் மக்லலிச்சும் அவருடன் பணியாற்றியோரும் உருவாக்கிய 4ஏடி என்னும் சிறு சோதனை. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் நான்கு பகுதிகள்: நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்; வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடக்கும் ஆண்டு ஆகியவற்றைச் சொல்கிறாரா; டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா; கடந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கி, இந்த இருபத்து நான்கு மணி நேரத்திலும் தென்படும் திடீர் மாற்றமோ ஏற்ற இறக்கமோ உண்டா. மொத்த மதிப்பெண் 4 அல்லது அதற்கு மேல் என்றால் டெலிரியமாக இருக்கக்கூடும் என்று கொள்கிறார்கள்.

இந்தக் கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நினைவுக் கேள்விகளுக்கும் கவனக் கேள்விக்கும் தலா அதிகபட்சம் 2 மதிப்பெண்தான். விழிப்பு நிலை தெளிவாக மாறியிருந்தால் 4. திடீர் மாற்றம் உண்டு என்ற ஒரே விடைக்கும் 4. அதாவது எல்லை மதிப்பெண் முழுவதும் திடீர் மாற்றம் என்ற அந்த ஒரு விடையிலேயே வந்துவிடுகிறது. அந்த விடையைச் சொல்லக்கூடியவர் யார்? நேற்று வேலைக்கு வந்து நோயாளியை முதன்முதலாகப் பார்த்த மருத்துவர் அல்லர். போன வாரம் அவர் கையால் காப்பி வாங்கிக் குடித்தவர்.

நம் ஊரில் மற்றப் பகுதிகள் வழுக்கும் என்பதால் இது இன்னும் முக்கியமாகிறது. பிறந்த தேதி கேட்டால், நம் முதியவர்களுள் பலருக்குப் பதிவு அட்டையில் எழுதியிருக்கும் தேதிக்கும் உண்மைக்கும் தொடர்பே இருக்காது. நம் பாட்டியைக் கேட்டால் “ஜப்பான்காரன் போன மறுவருஷம், ஆடி மாசம்” என்பார். அது தெளிவான, சரியான விடை, ஆனால் அட்டையோடு ஒத்துப் பார்ப்பவருக்குத் தவறான விடை. பள்ளிக்கூடம் போகாதவருக்கு டிசம்பர், நவம்பர் என்று பின்னோக்கிச் சொல்வது நல்ல உடம்போடு இருக்கும்போதே வராது. அவருக்குக் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம், அல்லது பங்குனியிலிருந்து மாசி, தை என்று கேட்கலாம். அப்படி மாற்றினால் அந்த மதிப்பெண்ணை அப்படியே கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அவர் இழையைப் பிடிக்கிறாரா, இரண்டு சொன்னதும் நழுவிவிடுகிறாரா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மொழியும் இருக்கிறது. மருத்துவர் பர்மியில் கேட்பார். பிற்காலத்தில் கற்ற மொழி குழப்பத்தில் கைநழுவுவது உண்டு. பாட்டி தமிழில் பதில் சொல்வார். மருத்துவரின் காதுக்கு அது பிதற்றல். அது பொருளுள்ள பதிலா, கோவையற்ற பேச்சா என்று பிரித்துச் சொல்லத் தமிழ் தெரிந்தவரால்தான் முடியும். ஆகவே மொழிபெயர்க்கும்போது அவர் சொன்னதைத் திருத்தி, அழகாக்கிச் சொல்லாதீர்கள். மானத்தைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தில் நாம் செய்யும் அந்தத் திருத்தம் நோயை மறைத்துவிடும். கப்பலைக் கேட்டால் கப்பலைக் கேட்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

ஞாயிறு மாலை பேத்தி அதைத்தான் செய்தாள். சுற்றுக்கு வந்த பெண் மருத்துவரிடம், “சயாமா, நேத்து வரைக்கும் பாட்டி இப்படி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் என்னோட பரீட்சையைப் பத்தி விசாரிச்சாங்க. ராத்திரி பதினொரு மணிக்கு மாறிட்டாங்க. இப்ப எழுப்பினா முழிக்கிறாங்க, ஆனா பேச்சுல கவனம் நிக்கல” என்றாள். மகன் குறுக்கிட்டு, வயதானவர், அசதிதான் என்றார். மருத்துவர் பேத்தி பக்கம் திரும்பி, கடைசியாக மலம் கழித்தது எப்போது என்று கேட்டார்.

ஒரு மாத்திரை பூட்டிய இரண்டு பூட்டுகள்

டெலிரியத்துக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. மூளையின் தாங்குதிறன் வயதால் குறைந்திருக்கும்போது, தனித்தனியே சின்னதாகத் தெரியும் நாலைந்து காரணங்கள் சேர்ந்து அதைச் சாய்க்கின்றன. மருத்துவர் ரத்தத்தில் சர்க்கரை, சோடியம், ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு எல்லாம் பார்க்கச் சொன்னார்; விரலில் மாட்டும் கருவியால் ஆக்ஸிஜன் பார்த்தார்; நெஞ்சைக் கேட்டார்; விழுந்தவர் என்பதால் தலையில் அடிபட்டதா என்று விசாரித்தார். இவற்றில் ரத்தம் சற்றுக் குறைவாக இருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு அடிவயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்குக் கீழே கெட்டியாக ஒரு பந்து இருந்தது.

சனிக்கிழமை காலையில் சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தார்கள். அதன் பிறகு டயப்பர் நனைந்துகொண்டேதான் இருந்தது, ஆகவே சிறுநீர் போகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் பை நிரம்பி வழிந்த நீர்தான் அது. குழாய் விட்டதும் 700 மில்லிக்கு மேல் வந்தது. மலம் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வரவில்லை. மலக்குடலில் அது கட்டியாகி, மூத்திரப் பையின் வாயையும் நெருக்கிக்கொண்டிருந்தது. வலிக்குக் கொடுத்த டிராமடால் மலத்தைக் கட்டும் மருந்து, தலையையும் மந்தமாக்கக்கூடியது. இவ்வளவும் மருத்துவமனையின் தாளில் இருந்தது. தாளில் இல்லாத ஒன்று பேத்தியின் பையில் இருந்தது.

பாட்டி வீட்டில் மூக்கொழுகலுக்கும் தூக்கத்துக்கும் இரவில் ஒரு குளோர்பெனிரமின் மாத்திரை போடுவார். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும் சளி மாத்திரை. அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. மருத்துவமனையில் தூக்கம் வரவில்லை என்பதால் சனி இரவு வீட்டார் இரண்டு கொடுத்திருந்தார்கள், கலவரம் பார்த்து நள்ளிரவில் இன்னொன்று. இந்த மருந்து உடம்பில் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. மூளையில் கவனத்தைத் தாங்கி நிற்பது அந்த வேதிப்பொருள். மூத்திரப் பையைச் சுருக்கி நீரை வெளியேற்றுவதும் அதுவே. குடலை நகர்த்துவதும் அதுவே. ஒரே மாத்திரை பாட்டியின் மனத்தையும் மூத்திரப் பையையும் சேர்த்துப் பூட்டியிருந்தது. தூங்க வைப்பதற்காகக் கொடுத்தது தூக்கத்தையும் கெடுத்தது.

இந்தக் குணம் அந்த மாத்திரைக்கு மட்டும் உரியதன்று. வாந்திக்கும் அரிப்புக்கும் தரும் புரோமெதசின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், வயிற்று வலிக்குத் தரும் ஹயோசின் ஆகியவையும் இதே வழியில் வேலை செய்பவை. ஆகவே வீட்டிலிருந்து கொண்டுவந்த எல்லா மருந்தையும், கடையில் வாங்கியதையும், நாட்டு மருந்தையும், ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது, பழங்கள் வாங்கிக்கொண்டு போவதைவிடப் பயனுள்ள காரியம்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு: கொடுத்ததால் அல்லாமல் நின்றதால் வரும் குழப்பம். தினமும் குடிப்பவர் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துக் கத்தினால் அது மது நின்றதன் விளைவாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் டயசிபாம் போட்டவர் அதைத் திடீரென நிறுத்தினாலும் அப்படியே. அதற்குச் சிகிச்சையே வேறு. தவறவிட்டால் வலிப்பும் மரணமும் வரலாம். வெட்கப்பட்டு இதை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. தாத்தா தினம் எவ்வளவு குடிப்பார் என்பதை மருத்துவரிடம் தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிட வேண்டும்.

கூட இருப்பவர் கையில் என்ன இருக்கிறது

டெலிரியம் வராமல் தடுப்பதைப் பற்றிய ஆய்வுகளுள் பெரிதும் பேசப்படுவது, ஷாரன் இனோயி தலைமையில் அமெரிக்காவின் யேல் மருத்துவமனையில் எழுபது வயதைத் தாண்டிய 852 பேரிடம் நடந்து 1999-இல் வெளியானது. அங்கே புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கண்ணாடி மாட்டினார்கள், காது கேட்க வழி செய்தார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், எழுப்பி நடத்தினார்கள், இது என்ன இடம், இன்று என்ன நாள் என்று பேச்சுக் கொடுத்தார்கள், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு தடவலும் கொடுத்தார்கள். வழக்கமான பராமரிப்பில் 15 சதவீதம் பேருக்கு வந்த டெலிரியம் இவர்களிடம் 9.9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஒரு முறை வந்துவிட்ட டெலிரியத்தின் கடுமையை இந்த முறை பெரிதாகக் குறைக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே இவை முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டியவை. குழப்பம் வந்த பிறகு அவை காரணத்தைத் தேடுவதற்கு மாற்றாகா.

அங்கே இந்த வேலைகளைச் செய்யப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வேண்டியிருந்தது. இங்கே வார்டுகளில் நோயாளிக்குத் துணையாக ஒருவர் இரவும் பகலும் இருப்பது வழக்கம். பர்மியர் அவரை லூனாசௌன் என்பார்கள். மற்ற நாட்டவர் கூலி கொடுத்தோ கெஞ்சியோ பெறும் ஓர் ஆள் நம்மிடம் ஏற்கெனவே கட்டில் அருகே பாய் விரித்திருக்கிறார். அவர் பெரும்பாலும் மருந்து வாங்க ஓடுவதிலும் கட்டணம் கட்டுவதிலும் தீர்ந்துபோகிறார் என்பதுதான் என் குறை.

பாட்டியின் காது கேட்கும் கருவி தொலைந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே வைத்துவிட்டிருந்தார்கள். கண்ணாடியும் பல் செட்டும் பையின் அடியில் இருந்தன. பாதி கேட்காமல், பாதி தெரியாமல், மென்று தின்ன முடியாமல் கிடப்பவருக்குக் கூரையின் விரிசல் எறும்பாகத் தெரிவதில் வியப்பில்லை. திங்கட்கிழமை அவை மூன்றும் அதனதன் இடத்துக்கு வந்தன. பகலில் சன்னல் பக்கம் கட்டிலை நகர்த்தினார்கள். இரவில் மின்வெட்டு வரும் என்பதால் மங்கலான பேட்டரி விளக்கு ஒன்றைத் தரையில் வைத்தார்கள். முழு இருட்டில் விழித்தால் அவருக்கு இடம் தெரியாது, பளீரென்ற டார்ச் முகத்தில் பட்டால் திடுக்கிடுவார். அரை மணிக்கொரு முறை இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்தார்கள், எப்போதும் முழுதாக விழித்திருக்கும்போதும் நிமிர்ந்து உட்கார வைத்துமே. வலி மருந்தை நிறுத்திவிடவில்லை. வலியே குழப்பத்தைத் தருவதால் பாரசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, டிராமடாலைக் குறைத்தார்கள். சிறுநீர்க் குழாயை, பை அடங்கியதும் எடுத்துவிட்டார்கள். தேவையின்றித் தங்கும் குழாயே தொற்றுக்கும் குழப்பத்துக்கும் வழி.

எப்படிப் பேசுவது என்பதில்தான் குடும்பம் தடுமாறியது. கப்பல் எப்போது என்று கேட்டபோது மகன், “கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல, அறுபது வருஷம் ஆச்சு” என்று சத்தம் போட்டார். பாட்டி இன்னும் பயந்தார். சித்தி ஒருவர், “நாளைக்குக் கப்பல்” என்று சமாதானம் சொன்னார். பாட்டி பெட்டியைக் கட்ட எழுந்து விழப் பார்த்தார். பேத்தி கண்டுபிடித்த வழி நடுவே இருந்தது: “பாட்டி, யாரையோ வழியனுப்பணும்னு தோணுதா? நான் இங்கதான் இருக்கேன். இது ஆஸ்பத்திரி. கால்ல கட்டுப் போட்டிருக்காங்க பாருங்க.” முதலில் அச்சத்துக்கு ஓர் ஆறுதல், பிறகு இடம், பிறகு கையால் தொட்டுப் பார்க்க ஒரு பொருள். ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம்தான். கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று “என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா” என்று கேட்பது அன்பின் வெளிப்பாடுதான் என்றாலும், கவனம் உடைந்தவருக்கு அது சித்திரவதை. தெரிந்த இரண்டு முகங்கள் மாறி மாறி இருப்பது போதும்.

சனி இரவில் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். கட்டப்பட்டவர் இன்னும் மூர்க்கமாகத் திமிறுவார், திமிறலில் காயப்படுவார். குழாய் எட்டாதபடி கட்டுத்துணி சுற்றி, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் போதுமானது. அமைதிப்படுத்தும் ஊசி போடுங்கள் என்று நாமே மருத்துவரை நெருக்குவதும் உண்டு. ஹாலோபெரிடால் போன்றவை டெலிரியத்தின் நாட்களைக் குறைப்பதில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் அளவுக்குக் கலவரம் இருந்து, பேசியும் அடங்காதபோது, சிறு அளவில், சில நாள் மட்டும் கொடுப்பார்கள். பார்க்கின்சன் நோயோ லூயி பாடி மறதி நோயோ உள்ளவருக்கு அது பெருந்தீங்கு செய்யும் என்பதால், அப்படிப்பட்ட நோய் இருந்தால் கேட்காவிட்டாலும் நாம் முந்திச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் சில உண்டு. எழுப்பியும் விழிக்காமல் போவது, மூச்சு வாங்குவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை விழுவது, வலிப்பு வருவது ஆகியவை உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டியவை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை போடுபவர் விழுந்திருந்தால், தலையில் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசியக்கூடும். அது சில நாள் கழித்துக் குழப்பமாக மட்டுமே வெளிப்படலாம்.

தெளிவு வரும் வேகம்

குழாய் விட்ட மறுநாளே பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. குடும்பம் அதை எதிர்பார்த்தது, ஏமாந்தது. மலம் போய், மாத்திரை உடம்பை விட்டு நீங்கி, திங்கள் மாலை ஒரு மணி நேரம் தெளிவாக இருந்தார். இரவில் மறுபடியும் துறைமுகம். செவ்வாய், புதன் என்று தெளிந்த பொழுதுகள் நீண்டன. வெள்ளிக்கிழமை பேத்தியின் பரீட்சை என்ன ஆயிற்று என்று அவராகவே கேட்டார். சிலருக்கு இது வாரக்கணக்கில் ஆகும். சிலர் முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திரும்புவதும் இல்லை. டெலிரியம் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது தெரிந்த செய்தி. ஆனால் டெலிரியம் இருக்கும்போதே நினைவுச் சோதனை செய்து ஒருவருக்கு மறதி நோய் என்று முத்திரை குத்துவது தவறு. அந்தச் சோதனைக்கு, வீடு திரும்பி உடம்பு தேறிச் சில மாதங்களாவது கழியட்டும். வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, யார் வீட்டில் இனி இருப்பது போன்ற முடிவுகளும் அதுவரை பொறுக்கலாம்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் பாட்டி, அந்த இரவைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டார். கைகளைக் கட்டியது அவருக்கு நினைவிருந்தது. ஏன் கட்டினார்கள் என்பது நினைவில்லை. பித்துப் பிடித்துவிட்டதோ என்று தனக்குள் அஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார். பேத்தி மாத்திரையையும் மூத்திரப் பையையும் பற்றி விளக்கினாள். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அலமாரியில் இருந்த சளி மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொன்னார்.